"முப்பது நாட்களுக்குள்" என்றால் எந்த நாள் வரை? கடிதங்களில் உள்ள காலக்கெடுவை எண்ணும் முறை

மண்சரிவு அபாயமுள்ள லயத்திலிருந்து வேறு இடத்துக்கு மாறும் குடும்பங்களுக்குப் பல கடிதங்கள் வருகின்றன. பிரதேச செயலகத்திலிருந்து ஒன்று வரும், தோட்ட நிர்வாகத்திடமிருந்து ஒன்று வரும், வீடு கட்டித்தரும் நிறுவனத்திடமிருந்து இன்னொன்று வரும். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு காலக்கெடு இருக்கும். "இத்தனை நாட்களுக்குள் ஒப்படைக்கவும்", "இந்தத் திகதி உட்பட இத்தனை நாட்கள்", "இந்தத் திகதிக்கும் அந்தத் திகதிக்கும் இடையில்" என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். கடைசி நாள் எது என்று திகதி போட்டு எழுதும் கடிதங்கள் குறைவு. அந்த நாளை நீங்களேதான் எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒருநாள் பிந்தியதால் படிவத்தைத் திருப்பி அனுப்பினார்கள் என்ற பேச்சை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் அந்த ஒருநாள் சோம்பலால் போனதல்ல. எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதில் குடும்பம் ஒன்றை நினைத்திருக்கும், அலுவலகம் வேறொன்றை நினைத்திருக்கும். இந்தக் கட்டுரை அந்தத் தொடக்க நாளைப் பற்றியது.

முதல் நாளை எண்ணுவதா, விடுவதா?

நம் வீடுகளில் நாள் எண்ணும் வழக்கம் ஒன்று இருக்கிறது. ஒருவர் இறந்தால், இறந்த நாளையே முதலாம் நாளாக வைத்து எட்டாம் நாள், பதினாறாம் நாள் என்று எண்ணுகிறோம். திங்கட்கிழமை இறந்தவருக்கு அடுத்த திங்கட்கிழமை எட்டாம் நாள்.

சட்டத்தில் பொதுவாக அப்படி எண்ணுவதில்லை. இலங்கையின் எழுத்துச் சட்டங்களை எப்படிப் பொருள்கொள்வது என்பதற்கென்றே 1901 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பொருள்கோடல் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஒரு சட்டத்தில் "இந்தத் திகதியிலிருந்து" என்று சொல்லியிருந்தால், அந்தத் திகதி கணக்கில் சேராது. மறுநாளே முதலாம் நாள். "இந்தத் திகதி வரை" என்றிருந்தால், அந்தக் கடைசித் திகதி கணக்கில் சேரும். இதை இப்படி நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: நிகழ்வு நடந்த நாள் பூச்சியம், மறுநாள் ஒன்று.

"உட்பட" என்ற சொல் வந்தால் கணக்கு மாறிவிடும். "13 ஆம் திகதி உட்பட 30 நாட்கள்" என்றால் 13 ஆம் திகதிதான் முதலாம் நாள். இது நம் பதினாறாம் நாள் கணக்கைப் போன்றது. இரண்டு முறைகளுக்கும் இடையில் வித்தியாசம் ஒரேயொரு நாள்தான். ஆனால் படிவம் ஏற்கப்படுவதும் திருப்பப்படுவதும் அந்த ஒரு நாளில்தான் தங்கியிருக்கும்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. "13 ஆம் திகதி முதல்" என்று எழுதினால் 13 ஐயும் சேர்த்துத்தான் நாம் புரிந்துகொள்வோம். "13 ஆம் திகதியிலிருந்து" என்பதைச் சிலர் சேர்த்தும் சிலர் சேர்க்காமலும் புரிந்துகொள்வார்கள். "30 ஆம் திகதிக்குள்" என்றால் 30 ஆம் திகதியும் சேரும் என்பது வழக்கம். "30 ஆம் திகதிக்கு முன்" என்றால் 29 ஆம் திகதியே கடைசி நாள். கடிதத்தைப் படிக்கும்போது இந்தச் சிறு சொற்களின் கீழ் ஒரு கோடு போடுங்கள்.

ஒரு கடிதம், நான்கு கடைசி நாட்கள்

ஓர் உதாரணத்தை எடுத்து எண்ணிப் பார்ப்போம். 2026 மார்ச் 13, வெள்ளிக்கிழமை என்று திகதியிட்ட கடிதம் ஒன்று உங்களுக்கு வருகிறது. அதில் இப்படி இருக்கிறது: "புதிய வீட்டுக்கான சம்மதப் படிவத்தை 30 நாட்களுக்குள் பிரதேச செயலகத்தில் ஒப்படைக்கவும்." எதிலிருந்து 30 நாட்கள் என்று எழுதவில்லை.

தோட்டங்களில் தபால் பல இடங்களில் வீட்டு வாசலுக்கு வருவதில்லை. தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறி லயத்துக்கு வருகிறது. இந்தக் கடிதம் மார்ச் 16, திங்கட்கிழமை தோட்ட அலுவலகத்துக்கு வந்தது என்றும், மார்ச் 19, வியாழக்கிழமைதான் உங்கள் கைக்குக் கிடைத்தது என்றும் வைத்துக்கொள்வோம்.

முதலில், கடிதத் திகதியை விட்டு மறுநாளிலிருந்து எண்ணுங்கள். விரல்விட்டு எண்ண வேண்டியதில்லை. 13 உடன் 30 ஐக் கூட்டினால் 43. மார்ச் மாதத்துக்கு 31 நாட்கள் என்பதால் 43 இலிருந்து 31 ஐக் கழித்தால் 12. ஆகவே கடைசி நாள் ஏப்ரல் 12, ஞாயிற்றுக்கிழமை.

கடிதத் திகதி உட்பட எண்ணினால் ஒருநாள் குறையும். கடைசி நாள் ஏப்ரல் 11, சனிக்கிழமை.

தோட்ட அலுவலகத்துக்கு வந்த நாளிலிருந்து எண்ணினால் 16 உடன் 30 ஐக் கூட்டி 46, அதில் 31 ஐக் கழிக்க 15. கடைசி நாள் ஏப்ரல் 15, புதன்கிழமை.

உங்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ணினால் 19 உடன் 30 ஐக் கூட்டி 49, அதில் 31 ஐக் கழிக்க 18. கடைசி நாள் ஏப்ரல் 18, சனிக்கிழமை.

ஒரே வசனம்தான், ஆனால் ஏப்ரல் 11, 12, 15, 18 என்று நான்கு விடைகள். நான்கில் எதையும் பொய் என்று சொல்ல முடியாது. கடிதத்தில் "கடிதத் திகதியிலிருந்து" என்று இருந்திருந்தால் 12 என்பது தெளிவாகியிருக்கும். "இக்கடிதம் கிடைத்த திகதியிலிருந்து" என்று இருந்திருந்தால், எந்த நாளில் கிடைத்தது என்பதற்குச் சான்று காட்டினால் போதும். இரண்டும் இல்லாதபோது மிக முந்திய விடையைத்தான் உங்கள் கடைசி நாளாக வைத்துக்கொள்ள வேண்டும். இந்த உதாரணத்தில் அது ஏப்ரல் 11, சனிக்கிழமை. சனிக்கிழமை அலுவலகம் மூடியிருக்கும் என்பதால் உண்மையில் உங்கள் கடைசி வேலைநாள் ஏப்ரல் 10, வெள்ளிக்கிழமை. மாலை 4.15 மணிக்கு அரச அலுவலகங்கள் மூடப்படும் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

கடைசி நாள் விடுமுறையில் வந்தால்?

மேலே உள்ள உதாரணத்தில் ஏப்ரல் 12 ஞாயிற்றுக்கிழமை. 13, 14 ஆம் திகதிகள் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை. அப்படியென்றால் 15 ஆம் திகதி போய்க் கொடுக்கலாமா?

பொருள்கோடல் கட்டளைச் சட்டத்தின் 8 ஆம் பிரிவு இதற்கு விடை சொல்கிறது. ஒரு சட்டம் ஏதாவது காரியத்தை நீதிமன்றத்திலோ அலுவலகத்திலோ செய்வதற்கு ஒரு கால எல்லையை விதித்து, அந்த எல்லையின் கடைசி நாளில் அந்த இடம் மூடியிருந்தால், அது திறக்கும் அடுத்த நாளில் செய்தாலும் உரிய காலத்தில் செய்ததாகவே கொள்ளப்படும்.

இங்கே இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். முதலாவது, நடுவில் வரும் விடுமுறைகளுக்கு இந்தச் சலுகை இல்லை. போயா நாளும் ஞாயிறும் 30 நாளுக்குள் அடங்கியவைதான். கடைசி நாள் மூடியிருந்தால் மட்டுமே அடுத்த நாளுக்குத் தள்ளும். ஞாயிறும் பொது விடுமுறையும் எண்ணிக்கையில் சேராது என்றால் சட்டம் அதை வெளிப்படையாகச் சொல்லும். உதாரணமாக, குடியியல் வழக்குத் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீட்டு அறிவித்தல் கொடுக்க 14 நாட்கள் உண்டு. அந்த 14 நாட்களில் ஞாயிறும் பொது விடுமுறையும் சேராது என்று குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையிலேயே எழுதியிருக்கிறது. அப்படி எழுதாத இடத்தில் எல்லா நாட்களும் நாட்களே.

இரண்டாவது, இந்தப் பிரிவு சட்டம் விதித்த காலத்துக்கு உரியது. ஒரு நிறுவனமோ தோட்ட நிர்வாகமோ தானாகக் கடிதத்தில் போட்ட காலக்கெடுவுக்கு இது தானாகப் பொருந்தும் என்று நம்பியிருக்க வேண்டாம். அங்கே கடிதத்தின் சொற்களும் அதை எழுதியவரின் விளக்கமும்தான் கணக்கு. ஆகவே விடுமுறைக்குப் பிந்திய நாளை நம்பாமல் விடுமுறைக்கு முன்னரே கொடுத்துவிடுங்கள்.

வேலையை விட்டுப் போகும்போது: சேவைக்காலப் பணத்தின் 30 நாள்

புதிய வீடு தோட்டத்திலிருந்து தூரமாக இருந்தால் சிலர் தோட்ட வேலையையும் விடுகிறார்கள். அப்போது கிடைக்க வேண்டிய பணிக்கொடையை, நாம் சேவைக்காலப் பணம் என்கிறோம். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைக் கொடுப்பனவுச் சட்டத்தின்படி, குறைந்தது 5 ஆண்டு பூர்த்தியான சேவையுள்ள தொழிலாளிக்கு, சேவை முடிவுற்ற 30 நாட்களுக்குள் இந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டும். நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு பூர்த்தியான ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம்.

பிந்தினால் மேலதிகக் கட்டணம் உண்டு. ஒரு மாதம் வரை பிந்தினால் 10 வீதம், ஒரு மாதத்துக்கு மேல் மூன்று மாதம் வரை 15 வீதம் என்று அது ஏறிக்கொண்டே போகும். ஓராண்டுக்கு மேல் பிந்தினால் 30 வீதம். உங்கள் பணிக்கொடை 4 லட்சம் ரூபா என்றால், 30 ஆம் நாள் கொடுத்தால் மேலதிகமாக ஒன்றும் இல்லை. 31 ஆம் நாள் கொடுத்தால் 40,000 ரூபா கூட வேண்டும். அதனால் "சேவை முடிவுற்ற நாள்" எது என்பது இரு தரப்புக்கும் முக்கியம்.

சிக்கல் இங்கேதான் வருகிறது. கொழுந்து பறிக்கும் ஒரு பெண் மார்ச் 13 ஆம் திகதி கடைசியாகப் பெரட்டுக்குப் போனார். பிறகு வீடு மாறும் வேலையில் போகவில்லை. கடிதம் எதுவும் கொடுக்கவில்லை. தோட்டம் மார்ச் 31 ஆம் திகதி செக்ரோலில் அவருடைய பெயரை வெட்டியது. சேவை எப்போது முடிந்தது? மார்ச் 13 என்றால் 30 நாள் ஏப்ரல் 12 இல் முடியும். மார்ச் 31 என்றால் ஏப்ரல் 30 இல் முடியும். அவர் விலகினாரா, சொல்லாமல் வேலையைக் கைவிட்டாரா, நிர்வாகம் நிறுத்தியதா என்ற தகராறும் இதிலேயே தொடங்கும்.

இதைத் தவிர்ப்பது சுலபம். வேலையை விட முடிவெடுத்தால், பெரட்டுக்குப் போகாமல் நின்றுவிடாமல், ஒரு விலகல் கடிதம் கொடுங்கள். அதில் ஒரு வரியைத் தெளிவாக எழுதுங்கள்: "என் சேவையின் கடைசி நாள் 2026 மார்ச் 31 ஆகும்." கடிதத்தின் பிரதியில் அலுவலகத்தின் கையொப்பமும் திகதியும் வாங்குங்கள். அந்த ஒரு வரி 30 நாள் எங்கே தொடங்குகிறது என்பதை முடிவு செய்துவிடும்.

உங்களை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தால் கால எல்லை வேறு. தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க, சேவை முடிவுற்ற திகதியிலிருந்து 6 மாதம் உண்டு. இங்கே சட்டம் சொல்வது மாதம், நாள் அல்ல. மாதம் என்றால் நாட்காட்டி மாதம். மார்ச் 13 இல் நிறுத்தப்பட்டவருக்கு 6 மாதம் செப்டெம்பர் 13 இல் முடியும். மாதத்துக்கு 30 நாள் என்று 180 நாளாக எண்ணினால் செப்டெம்பர் 9 வரும். நான்கு நாள் முந்துவதால் ஆபத்தில்லை. ஆனால் மாறி எண்ணினால் ஆபத்து. பெப்ரவரி மாதத்தைத் தாண்டும் "30 நாள்" ஒரு மாதத்தை விட நீண்டது. மற்ற பெரும்பாலான மாதங்களைத் தாண்டும் "30 நாள்" ஒரு மாதத்தை விடக் குறுகியது. மார்ச் 13 இலிருந்து 30 நாள் ஏப்ரல் 12. ஒரு மாதம் என்றால் ஏப்ரல் 13. கடிதத்தில் நாள் என்றிருந்தால் நாளாகவும், மாதம் என்றிருந்தால் மாதமாகவும் எண்ணுங்கள். ஆகஸ்ட் 31 இல் தொடங்கும் 6 மாதம் போல, முடியும் மாதத்தில் அந்தத் திகதியே இல்லாவிட்டால், அந்த மாதத்தின் கடைசி நாளோடு முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை பிறந்திருந்தால்: 42 நாள்

இடம்பெயர்ந்த நேரத்தில் குழந்தை பிறந்தால் பிறப்புப் பதிவு பின்தங்கிப் போகிறது. பிறந்த திகதியிலிருந்து 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். இதை எண்ண ஒரு சுலபமான வழி உண்டு. 42 நாள் என்றால் சரியாக 6 வாரம். குழந்தை எந்தக் கிழமையில் பிறந்ததோ, ஆறாவது வாரம் அதே கிழமைதான் கடைசி நாள். மார்ச் 13, வெள்ளிக்கிழமை பிறந்த குழந்தைக்கு ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. நீங்கள் எண்ணி வந்த நாள் வேறு கிழமையாக இருந்தால் எங்கோ ஒரு நாள் பிசகியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

பிறப்பு நிகழ்ந்த இடத்துக்குரிய பதிவாளரிடமே பதிய வேண்டும். புதிதாகப் போன இடத்தின் பதிவாளரைத் தேடி நாட்களை வீணாக்காதீர்கள். மூன்று மாதம் கடந்துவிட்டால் சாதாரண அறிவித்தல் போதாது. காலங்கடந்த பதிவுக்குரிய பிரகடனமும் சான்றுகளும் கேட்பார்கள்.

"இடையில்" என்ற சொல்

தற்காலிக வீட்டு வாடகை உதவி பற்றிய கடிதங்களில் இந்தச் சொல் அதிகம் வரும். "லயத்தை விட்டு வெளியேறிய நாளுக்கும் புதிய வீட்டைப் பொறுப்பேற்ற நாளுக்கும் இடையிலான காலத்துக்கு நாள் ஒன்றுக்கு இவ்வளவு" என்று எழுதுவார்கள்.

நீங்கள் ஏப்ரல் 20 இல் வெளியேறி, ஜூன் 30 இல் புதிய வீட்டைப் பொறுப்பேற்றீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 20 இலிருந்து மாதமுடிவு வரை 10, மே மாதத்தில் 31, ஜூனில் 30. மொத்தம் 71. இது முதல் நாளை விட்டு, கடைசி நாளைச் சேர்த்த கணக்கு. இரண்டு நாட்களையும் சேர்த்தால் 72. "இடையில்" என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்து இரண்டையும் விட்டால் 70.

எது நியாயம் என்று கேட்டால் இரவுகளை எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் 20 இரவு நீங்கள் வாடகை வீட்டில் தூங்கினீர்கள். ஜூன் 29 இரவும் அங்கேதான். ஜூன் 30 இரவு புதிய வீட்டில். வாடகை வீட்டில் கழிந்த இரவுகள் 71. இந்தக் கணக்கை விளங்கப்படுத்தினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். அதை விட நல்லது, ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன்னரே, "இரு நாட்களும் உட்பட" என்றோ "வெளியேறிய நாள் உட்பட, பொறுப்பேற்ற நாள் நீங்கலாக" என்றோ எழுதித் தரும்படி கேட்பது.

அளவை உத்தியோகத்தர் "20 ஆம் திகதிக்கும் 30 ஆம் திகதிக்கும் இடையில்" வருவார் என்று எழுதியிருந்தால் கணக்கைப் பெரிதாக எடுங்கள். 20 ஆம் திகதியும் 30 ஆம் திகதியும் வீட்டில் யாராவது இருக்க வேண்டும். நீங்கள் ஒன்றைக் கொடுக்க வேண்டிய இடத்தில் காலத்தைச் சுருக்கி எண்ணுங்கள். அவர்கள் வரவேண்டிய இடத்தில் காலத்தை விரித்து எண்ணுங்கள்.

பின்னோக்கி எண்ணும் காலம்: நம் குடும்பங்களின் அனுபவம்

எல்லாக் காலக்கெடுவும் முன்னோக்கி ஓடுவதில்லை. சில, ஒரு திகதியிலிருந்து பின்னோக்கிப் போகும். மலையகத்தில் இது புதிதல்ல.

1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் குடியுரிமை கேட்டவர்கள், 1946 ஜனவரி 1 ஆம் திகதிக்கு உடனடியாக முன்னரான காலத்தில் இலங்கையில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. மணமானவர்களுக்கு 7 ஆண்டு, மணமாகாதவர்களுக்கு 10 ஆண்டு. 1946 ஜனவரி 1 இலிருந்து 7 ஆண்டு பின்னோக்கி எண்ணினால் 1939 ஜனவரி 1 வரும். 10 ஆண்டு என்றால் 1936 ஜனவரி 1. அந்த நாளுக்குச் சில வாரம் பிந்தி வந்து சேர்ந்தவருக்குக் காலம் போதாது. இடையில் ஊருக்குப் போய் ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். போன நாளும் திரும்பிய நாளும் எழுத்தில் இல்லாதவர்கள், தங்கியது 11 மாதமா 13 மாதமா என்பதை நிறுவ முடியாமல் நின்றார்கள்.

விண்ணப்பிக்கவும் ஒரு காலக்கெடு இருந்தது. 1949 ஆகஸ்ட் 5 இலிருந்து 2 ஆண்டு. முதலில் விண்ணப்பிப்பதில்லை என்று இலங்கை இந்தியக் காங்கிரஸ் தீர்மானித்திருந்தது. பிறகு தீர்மானம் மாறியபோது எஞ்சியிருந்த குறுகிய காலத்துக்குள் இலட்சக்கணக்கானோருக்கான படிவங்களை நிரப்ப வேண்டியதாயிற்று.

2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்திலும் ஒரு திகதி இருக்கிறது. 1964 ஒக்டோபர் 30 இலிருந்து இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர்களும் அவர்களின் சந்ததியினரும் அதன் கீழ் குடியுரிமைக்கு உரியவர்கள். சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. இங்கே கடைசி நாள் என்று ஒன்று கிடையாது. தொடக்க நாள்தான் எல்லாம். அந்த நாளில் குடும்பம் எந்தத் தோட்டத்தில் இருந்தது என்பதைக் காட்டும் பழைய பிறப்புச் சான்றிதழ், பாடசாலைப் பதிவு, தோட்டப் பதிவு எதுவானாலும், வீடு மாறும்போது அதை மற்றப் பொருட்களோடு போட்டுவிடாமல் தனியாக எடுத்துவையுங்கள்.

கடிதம் கைக்கு வந்த அன்றே

உறையை எறியாதீர்கள். உறையில் உள்ள தபால் முத்திரையின் திகதி, கடிதம் எப்போது அனுப்பப்பட்டது என்பதற்குச் சான்று. உறையின் மேலேயே, கடிதம் கிடைத்த திகதியையும் யார் கொண்டுவந்து தந்தார் என்பதையும் எழுதுங்கள். தோட்ட அலுவலகத்தில் தபால் பதிவுப் புத்தகம் இருந்தால், அதில் உங்கள் கையொப்பத்துக்குப் பக்கத்தில் அன்றைய திகதியையும் போடுங்கள். முந்திய திகதி போட்டிருக்கும் இடத்தில் வெறுமனே கையொப்பமிட வேண்டாம்.

பிறகு மேலே சொன்னபடி எண்ணி, மிக முந்திய நாளை நாட்காட்டியில் வட்டமிடுங்கள். கடிதம் தெளிவில்லாமல் இருந்தால் அலுவலகத்துக்கு இப்படி ஒரு குறிப்பு எழுதிக் கொடுங்கள்: "தங்கள் 2026.03.13 ஆம் திகதிய கடிதம் 2026.03.19 இல் எனக்குக் கிடைத்தது. படிவத்தை ஒப்படைக்க வேண்டிய கடைசித் திகதி எது என்று எழுத்தில் அறியத் தரவும்." வாயால் சொல்லும் திகதி பிறகு உதவாது. பதில் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். முந்திய நாளை வைத்தே ஆயத்தமாகுங்கள்.

படிவத்தைக் கொடுக்கும்போது பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தபாலில் அனுப்புவதானால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். "ஒப்படைக்க வேண்டும்" என்றால், அனுப்பிய நாளை அல்ல, அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளையே பெரும்பாலும் பார்ப்பார்கள். ஆகவே தபாலுக்குக் குறைந்தது ஒரு வாரம் விடுங்கள்.

நாள் கடந்துவிட்டால் படிவத்தை வீட்டில் வைத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். கடிதம் எப்போது கைக்குக் கிடைத்தது என்ற விபரத்தையும் உறையின் பிரதியையும் சேர்த்து அன்றே கொடுங்கள். ஏற்க மறுத்தால், மறுத்த காரணத்தையும் அவர்கள் எந்த நாளிலிருந்து எண்ணினார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். தொடக்க நாளைத் தவறாக எடுத்திருந்தால், மேன்முறையீட்டில் நீங்கள் காட்ட வேண்டியது அந்த ஒரு திகதியைத்தான்.